பில்லிங் சாஃப்ட்வேரில் இ-வே பில்: பிளானுக்குள் இருக்கிறதா, தனிக்காசு கட்ட வேண்டுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு கொப்பரை, கயிறு, நார் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் காலையில் இந்தப் பக்கம் ஏற்றிய சரக்கு மதியத்துக்குள் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று ஏதாவது ஒரு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்விடும். மாநிலம் மாறுவதால் ஏறக்குறைய எல்லா லோடுக்கும் இ-வே பில் வேண்டும். அதனால் சாஃப்ட்வேர் வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அந்த வசதி கட்டிய காசுக்குள் இருக்கிறதா, இல்லை மேலே இன்னொரு காசா? திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

விலைப் பட்டியலில் இ-வே பில்லுக்கு நேராக டிக் போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் தனியாகக் காசு கேட்கிறார்கள்?

ஒரே பெயரில் இரண்டு வேறு வசதிகளை விற்கிறார்கள் என்பதுதான் காரணம்.

முதல் வகையில் சாஃப்ட்வேர் செய்வது கொஞ்சம்தான். நீங்கள் போட்ட பில்லில் இருக்கும் விவரங்களை JSON என்ற ஒரு ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். அந்த ஃபைலை நீங்களே அரசின் ewaybillgst.gov.in தளத்தில் உள்நுழைந்து, `Generate Bulk` என்ற இடத்தில் ஏற்ற வேண்டும். எண் அங்கே வரும். அதைப் பார்த்து பில்லில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகையில் பில் திரையிலேயே ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் சில நொடியில் 12 இலக்க எண் வந்து பில்லிலேயே அச்சாகிவிடும். அரசு தளத்தைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஃபைல் எடுத்துக் கொடுப்பதில் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு ஒவ்வொரு முறையும் செலவு ஒன்றும் கிடையாது. அதனால் அதைப் பெரும்பாலும் எல்லா பிளானிலும் சேர்த்துவிடுகிறார்கள். நேரடியாக எண் எடுப்பது அப்படியல்ல. பெரும்பாலும் ஜி.எஸ்.பி. என்று சொல்லப்படும் ஓர் இடை நிறுவனத்தின் வழியாகத்தான் அரசின் கணினியோடு பேச முடியும். அந்த இணைப்புக்கு ஆகும் செலவைத்தான், பிளானுக்கு மேல் தனியாக விற்கும் ஆட்-ஆனாகவோ, எண் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும் கிரெடிட்டாகவோ உங்களிடம் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் பட்டியலில் ஒரே டிக். டிக்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆரம்பத்தில் உங்களை என்ன செய்யச் சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நேரடி வகை வேலை செய்ய வேண்டுமானால், இ-வே பில் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, `Registration` மெனுவில் `For GSP` என்பதைத் தேர்ந்தெடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து, ஒரு ஜி.எஸ்.பி. பெயரைத் தேர்ந்து, அதற்கென்று புதிதாக ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும். அதைச் சாஃப்ட்வேரில் போட்டு வைக்க வேண்டும். இதை ஒரு முறை செய்தால் போதும்.

அப்படி ஒன்றை நீங்களோ உங்கள் ஆடிட்டரோ செய்யவே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது ஃபைல் வகையாகத்தான் இருக்கும். பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. விற்க வருகிறவரிடமும் இதையே கேளுங்கள்: “ஜி.எஸ்.பி. யூசர் நேம் உண்டாக்கணுமா?” ஆமாம் என்றால் நேரடி வகை. அடுத்து காசைப் பற்றிப் பேசலாம்.

பட்டியலில் எந்த வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும்?

`Included` என்று இருந்தால் பிளான் விலைக்குள் அது அடங்கும். `Available` என்றால் அந்த பிளானில் இருப்பவர் அதை வாங்கலாம் என்று மட்டும்தான் பொருள். `Supported` என்பதும் அப்படித்தான். சாஃப்ட்வேருக்கு அது தெரியும் என்கிறதே தவிர, காசு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் ஏமாந்தது இந்த `Available` என்ற சொல்லில்தான். ‘கிடைக்கும்’ என்று படித்துவிட்டு, ‘கொடுத்துவிடுவார்கள்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

டிக்குக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி இருந்தால் பக்கத்தின் அடிவரை இறங்கிப் படியுங்கள். டிக்குக்குப் பதிலாக 50, 100 என்று எண் இருந்தால், அந்த எண்ணிக்கை வரைக்கும்தான் பிளானுக்குள், அதற்கு மேல் தனி. அந்த எண் மாதத்துக்கா, வருடத்துக்கா, வாங்கும்போது ஒரே ஒரு தடவைக்கா என்பது பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரையலில் எல்லாம் நன்றாக வேலை செய்ததே?

டிரையலில் வேலை செய்ததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வாங்க வைப்பதற்காக அந்தச் சில நாட்களுக்கு மேல் பிளானின் வசதிகளையும் சேர்த்துத் திறந்து விடுவார்கள், கொஞ்சம் கிரெடிட்டும் போட்டு வைப்பார்கள். நீங்கள் கீழ் பிளானை வாங்கிய மறுநாள் அதில் பாதி மூடிவிடும்.

இதில் நானே ஒரு முறை நன்றாகப் பட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் கணக்கு எழுதும் ஒரு கொப்பரை வியாபாரிக்கு என் பேச்சை நம்பித்தான் அந்தச் சாஃப்ட்வேரை வாங்கினார்கள். விற்க வந்தவர் “எல்லாம் உள்ளேயே இருக்கு சார்” என்றார். டிரையலிலும் பட்டனை அழுத்தினேன், எண் வந்தது. வாங்கிய பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இருக்கும். காங்கேயம் மில்லுக்கு லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பட்டனை அழுத்தினால் திரையில் `Insufficient credits` என்று வருகிறது. வாங்கும்போது வரவேற்பாகப் போட்டிருந்த 50 கிரெடிட் அன்றைக்குத் தீர்ந்திருக்கிறது. கஸ்டமர் கேர் ஆறு மணிக்கே மூடிவிட்டது.

வியாபாரி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, வண்டி நிக்குது, என்ன செய்யட்டும்?” என்றார். அரசு தளத்தில் நுழைந்து, மில்லின் ஜி.எஸ்.டி. எண், பில் எண், மூட்டை, எடை, வண்டி எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டி எண் எடுத்துக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த தளத்தின் பாஸ்வேர்டே மறந்து போயிருந்ததால் பாதி நேரம் அதிலேயே போயிற்று. அன்றைக்கு அந்த டிரைவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டிரையலில் எண் எடுத்தவுடன், திரையில் எங்காவது ஓர் எண்ணிக்கை ஒன்று குறைகிறதா என்று பார்ப்பேன். 50 என்பது 49 ஆனால், அது எண்ணி விற்கப்படும் பொருள். பிளானுக்குள் முழுசாக இருக்கும் வசதியை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். உள்ளே எங்கே போய்ப் பார்ப்பது?

`Subscription`, `License`, `My Plan` என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதில் பிளான் பெயரும் முடியும் தேதியும் ஒரு வரியாக இருக்கும். அதற்குக் கீழே வேறு வரி இருக்கிறதா என்று பாருங்கள். தனி வரியும் அதற்கென்று தனித் தேதியும் இருந்தால் அது ஆட்-ஆன். பிளான் மார்ச் 31 வரை ஓடும், ஆட்-ஆன் அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே நின்றுவிடும், இப்படி நடப்பதுண்டு.

அந்தப் பக்கத்தைவிட நம்பகமானது நீங்கள் காசு கட்டியதற்கு அவர்கள் கொடுத்த வரி பில். அதில் ஒரே வரி இருந்தால் பிளான் மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் பட்டன் வேலை செய்கிறதென்றால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே பிளானுக்குள் இருக்கிறது, அல்லது இலவச கிரெடிட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை குறைகிறதா என்ற சோதனையைச் செய்தால் எது என்று தெரிந்துவிடும்.

“இ-வே பில் அன்லிமிடெட்” என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

எத்தனை ஜி.எஸ்.டி. எண்ணுக்கு என்று பாருங்கள். எல்லைப் பக்கத்து வியாபாரிக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

கேரளப் பதிவின் எண் 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். கொழிஞ்சாம்பாறையில் களம், பொள்ளாச்சியில் குடோன் என்று வைத்திருப்பவருக்கு ஆள் ஒருவர்தான், பான் கார்டும் ஒன்றுதான். ஆனால் ஜி.எஸ்.டி. எண் இரண்டு. சாஃப்ட்வேர்க்காரர் ‘அன்லிமிடெட்’ என்று சொல்வது பில் எண்ணிக்கையைத்தான். பதிவு எண்ணிக்கையைப் பற்றி அவர் வாய் திறந்திருக்க மாட்டார். ஒரு பதிவுக்குள் இருக்கும் வசதி, இரண்டாவது பதிவுக்குத் தனிக்காசாக மாறிவிடலாம். பொய் சொன்னார் என்று அவரைச் சொல்ல முடியாது, நாம்தான் கேட்கவில்லை.

யூசர் எண்ணிக்கையும் இதே மாதிரிதான். களத்தில் ஒருவர், குடோனில் ஒருவர் என்று ஒரே நேரத்தில் பில் போட வேண்டுமானால் பிளானில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். விலைகள் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம். மேலே சொன்ன மாதிரி இரண்டு பதிவு வைத்திருக்கும் ஒருவர். கேரளப் பதிவிலிருந்து மாதம் 40 லோடு, பொள்ளாச்சியிலிருந்து 20 லோடு. இவை போக வழியில் வண்டி மாறினால் புது வண்டி எண்ணைப் போட வேண்டும், மாதம் ஐந்து தடவை என்று வைப்போம். பல சாஃப்ட்வேரில் அதற்கும் ஒரு கிரெடிட் போகும். ஆக மாதம் 65, வருடத்துக்கு 780.

முதல் கொட்டேஷனில் பிளான் 5,000 ரூபாய். இ-வே பில் தனி. 500 கிரெடிட் கொண்ட பேக் 1,500 ரூபாய். இரண்டு பதிவையும் ஒரே லைசென்ஸில் வைத்துக்கொள்ளலாம், கிரெடிட் பொது. 780-க்கு இரண்டு பேக் வேண்டும். மொத்தம் 8,000.

இரண்டாவது கொட்டேஷனில் பிளான் 9,000 ரூபாய். இ-வே பில் உள்ளேயே, எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒரு பதிவுக்குத்தான். இரண்டாவது பதிவுக்கு 4,000. மொத்தம் 13,000.

18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் முதலாவது 9,440, இரண்டாவது 15,340. ‘உள்ளேயே இருக்கிறது’ என்றது இவருக்கு 5,900 ரூபாய் அதிகம்.

அதற்காக ஆட்-ஆன்தான் எப்போதும் மலிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவருக்கே கேரளப் பதிவு ஒன்று மட்டும் இருந்து, வருடத்துக்கு 1,000 கிரெடிட்டைத் தாண்டினால், மூன்றாவது பேக் வாங்க வேண்டும். அப்போது முதலாவது 9,500 ஆகிறது, இரண்டாவது 9,000-லேயே நிற்கிறது. உங்கள் லோடு எண்ணிக்கையை வைத்துத்தான் பதில் மாறும். கடந்த வருடம் எத்தனை இ-வே பில் எடுத்தீர்கள் என்பதை எண்ணிவிட்டு வந்தால் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம்.

மீந்த கிரெடிட் வருட முடிவில் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். மேலே உள்ள கணக்கில் 220 மீதம். அடுத்த வருடத்துக்குச் சேர்ந்தால் நல்லது. காலாவதி ஆகிவிட்டால் அந்தக் காசு போனதுதான்.

அரசு தளம் இலவசம்தானே, ஆட்-ஆன் எதற்கு?

இலவசம்தான், அதில் சந்தேகமில்லை. மாதம் பத்து லோடுக்குள் என்றால் வாங்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிளானில் சேர்ந்து வரும் JSON ஃபைலை ஏற்றிக்கொண்டாலே போதும், ஒரு லோடுக்கு நாலு நிமிடம் ஆகும். 60 லோடு என்றால் மாதம் நாலு மணி நேரம். அந்த நேரத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுத் தேங்காய் மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. தேங்காய்க்கு வரி கிடையாது, வரிவிலக்குப் பட்டியலில் உள்ள சரக்குக்கு இ-வே பில்லும் தேவையில்லை. அதே தேங்காய் கொப்பரையானால் வரி உண்டு, இ-வே பில்லும் உண்டு.

பொள்ளாச்சி – உடுமலை என்று ஓட்டியபோது 100 கிரெடிட் வருடம் முழுக்க வந்தது. பாலக்காட்டுக்கு அனுப்ப ஆரம்பித்ததும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில். மாநில எல்லையைத் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் வேண்டும், அதுவும் வரியையும் சேர்த்து. அதனால் முன்பு பில்லோடு மட்டும் போன 70,000, 80,000 ரூபாய் லோடுகளுக்கும் இப்போது எண் எடுக்கிறீர்கள். வியாபாரம் எல்லை தாண்டப் போகிறது என்றால் பழைய வருடத்து எண்ணிக்கையை வைத்து பேக் வாங்காதீர்கள்.

இ-இன்வாய்ஸும் இதில் சேர்ந்ததா?

கேட்காமல் நம்ப வேண்டாம். வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். சிலர் இரண்டையும் ஒரே ஆட்-ஆனாக விற்கிறார்கள், சிலர் தனித்தனியாக. ஒரே பில்லுக்கு இரண்டும் எடுத்தால் ஒரு கிரெடிட்டா, இரண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு என்றால் மேலே போட்ட கணக்கில் லோடுக்குப் போகும் கிரெடிட் இரட்டிப்பாகும்.

விற்கிறவரிடம் எப்படிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்வார்?

போனில் கேட்காதீர்கள். “இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்றுதான் பதில் வரும், அது எந்தக் காலத்திலும் தப்பான பதில் ஆகாது. எழுத்தில், தொகையோடு சேர்த்துக் கேளுங்கள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இது:

“வணக்கம் சார். எங்களுக்கு 32, 33 என்று இரண்டு ஜி.எஸ்.டி. பதிவு. வருடத்துக்குச் சுமார் 800 இ-வே பில். பில் திரையிலிருந்தே எண் எடுக்க வேண்டும், JSON வேண்டாம். வண்டி எண் மாற்றுவதும் கேன்சல் செய்வதும் உள்ளிருந்தே வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து முதல் வருடம் எவ்வளவு, இரண்டாம் வருட ரினிவல் எவ்வளவு என்று வரி வரியாகப் பிரித்து புரோஃபார்மா பில் அனுப்புங்கள்.”

இப்படிக் கேட்டால் அவரால் ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. புரோஃபார்மாவில் ஒவ்வொரு வரியாக எழுதியாக வேண்டும். எது பிளான், எது ஆட்-ஆன் என்பது அங்கே தானாகப் பிரிந்துவிடும். கேன்சலைச் சேர்த்துக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எண் எடுத்த 24 மணி நேரத்துக்குள்தான் கேன்சல் செய்ய முடியும். அந்த வசதி மேல் பிளானில் மட்டும் இருந்தால், அவசரத்துக்கு மறுபடி அரசு தளத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

ரினிவலில் போன வருடத்தைவிட 2,000 ரூபாய் கூட வந்திருக்கிறது. விலை ஏற்றிவிட்டார்களா?

போன வருடத்து பில்லையும் இப்போது வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளான் வரியில் தொகை கூடியிருந்தால் விலையேற்றம். பிளான் வரி அப்படியே இருந்து புது வரி ஒன்று முளைத்திருந்தால், போன வருடம் இலவசமாகக் கொடுத்ததை இந்த வருடம் ஆட்-ஆனாக்கியிருக்கிறார்கள். பழைய பில்லில் அந்த வசதியின் பெயர் எழுதி, எதிரில் பூஜ்யம் போட்டிருந்தால் அது அறிமுகச் சலுகை, வாதாட இடமில்லை. பெயரே எழுதாமல் பிளானோடு வந்திருந்தால், வாங்கியபோது அனுப்பிய விலைப் பட்டியலையோ வாட்ஸ்அப் செய்தியையோ எடுத்துக் காட்டிக் கேளுங்கள். என் கணக்கில் இருக்கும் ஒரு கயிறு வியாபாரி இரண்டு வருடத்துக்கு முந்தைய புரோஃபார்மாவைப் படம் எடுத்து அனுப்பினார், மறுநாளே அந்த வரியை நீக்கி வேறு பில் வந்தது.